மேல எவ்வளவு?

என் சகலனின் பழைய ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் ஆயிரத்து நானூறு பவுண்டுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று மாமி சொன்ன ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நண்டுக்குழம்பு தொண்டையோடு நின்றது. நண்டில் ஒரு பிழையும் இல்லை. என் மாமி வைக்கிற நண்டுக்குழம்பை லண்டனில் வேறு யாரும் வைக்க ஏலாது. பிழை அந்த ஆயிரத்து நானூறில் இருந்தது.

சகலன் என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நான் பெரிய மருமகன், அவன் சின்ன மருமகன். பெரியவன் என்பது பேரளவில்தான். மாமியின் ஹரோ வீட்டில் ஞாயிறு மத்தியானம் நண்டு சமைத்தால், சதை நிறைந்த கொடுக்கு, அந்தப் பெரிய கடிகால், எப்போதும் அவன் தட்டுக்குத்தான் போகும். எனக்கு மேலோடும் சின்னக் கால்களும் வரும். இதையெல்லாம் ஒரு மனிதன் கவனிப்பானா என்று என் மனைவி கேட்பாள். கவனிப்பான். பதினைந்து வருடமாகக் கவனிக்கிறேன்.

அவன் ஜேர்மனியில் இருந்து வந்தவன். வந்து மூன்று வருடத்தில் மரக்கறிக் கடை போட்டான். நான் அகதியாக இங்கே வந்த நாளில் இருந்து அடுத்தவனிடம்தான் வேலை செய்கிறேன். இப்போது பாண் தொழிற்சாலையில் விடிய ஷிப்ட். எட்மண்டனில் இருந்து அந்த நேரத்துக்கு ஒழுங்கான பஸ் இல்லாததால்தான் ஸ்கூட்டர் வாங்கினேன். நான் வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும், கடைக்குச் சாமான் ஏற்றத் தனக்கும் ஒன்று வேணும் என்று அவனும் கூடவே வந்தான். ஒரே கடை, ஒரே நாள், ஒரே நீல நிறம். நம்பர் பிளேட்டில் கூட கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. ஆர்ச்வே முருகன் கோயிலடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மாமி எலுமிச்சம்பழம் வைத்து ஏறச் சொன்னார். முதலில் அவனை ஏறச் சொன்னார்.

எட்டு வருடம் போய்விட்டது. என் ஸ்கூட்டருக்கு மழை படாது, உறை போட்டுத்தான் நிற்கும். வருடா வருடம் சர்வீஸ் செய்து, புத்தகத்தில் முத்திரை வாங்கி வைத்திருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், ஆனால் என்னுடையது உண்மையிலேயே பொன்குஞ்சு. அவனுடையது தெருவில் கிடந்து சீரழிந்தது. சீட் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, ஒரு பக்கக் கண்ணாடி ஆடும், உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் உட்கார்ந்துபோயிருந்தது. என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு ஓடியது அது.

அந்த வண்டிக்கு ஆயிரத்து நானூறு!

விஷயம் என்னவென்றால், அதற்கு முதல் கிழமைதான் நான் எட்மண்டனில் ஒரு டீலரிடம் என் ஸ்கூட்டரைக் காட்டியிருந்தேன். புதுசு ஒன்று எடுக்கிற எண்ணம் எனக்கும் இருந்தது. மனைவி சீட்டுக் கட்டி எடுத்த இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண்ட் கையில் இருந்தது. அதற்கு மேலே ஒரு சதம் கிடையாது, கடன் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். டீலர் ஒரு வயதான வெள்ளைக்காரர். என் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினார். முன்பக்கத்தை அமுக்கி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். முன்டயர் தேய்ந்திருக்கிறது என்றார். இரண்டு சாவியும் இருக்கிறதா, வண்டிப் பதிவுப் பத்திரமான லொக் புக் இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் ஆயிரம் தருகிறேன் என்றார். புது ஸ்கூட்டரின் விலை நாலாயிரம், ஆனால் போன வருடத்து ஸ்டொக் ஒன்று நிற்கிறது, அதை மூவாயிரத்து அறுநூறுக்குத் தருவேன் என்றார். அப்படியென்றால் நான் வைக்கவேண்டியது இரண்டாயிரத்து அறுநூறு. சீட்டுக் காசை விட நூறு கூட.

அந்த நூறைக் குறைக்கச் சொல்லிக் கதைத்துக்கொண்டிருந்தேன். முன்னூறு பவுண்ட் கட்டி அந்த ஸ்கூட்டரை மாதக் கடைசி வரைக்கும் பிடித்து வைத்திருந்தேன். நல்ல மனிதர், நல்ல விலை என்று நினைத்து சந்தோஷமாகத்தான் மாமி வீட்டுக்குப் போனேன். மாமி குழம்பை ஊற்றிக்கொண்டே ஆயிரத்து நானூறு என்றார். என் சந்தோஷம் அங்கேயே செத்தது.

"சின்ன மருமகன் நல்லாக் கதைச்சு எடுத்துப்போட்டார். உங்களுக்கு எவ்வளவு சொன்னவை தம்பி?" என்று மாமி கேட்டார்.

"இன்னும் கேக்கேல்லை மாமி" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். சகலன் கடிகாலை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் வீட்டு வாசலில் கறுப்பு நிறத்தில் புது ஸ்கூட்டர் நிற்கிறதாம். நான் பிடித்து வைத்திருக்கிற அதே மொடல். எதை வாங்கினாலும் எனக்கு முதல் வாங்கிவிடுவான்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. பாண் வேகிற அடுப்புக்கு முன்னால் நின்று அதைத்தான் யோசித்தேன். கிழிந்த சீட்டுக்கு ஆயிரத்து நானூறு, துடைத்து வைத்த என்னுடையதுக்கு ஆயிரம். அந்த வெள்ளைக்காரர் என்னை ஏமாற்றப் பார்க்கிறார். இல்லாவிட்டால் சகலனின் முகத்தில் ஏதோ இருக்கிறது. அவனைக் கண்டால் மாமியும் உருகுகிறார், டீலரும் உருகுகிறான்.

"உங்களுக்கு ஸ்கூட்டரா தேவை, அவரை விட நூறு பவுண்ட் கூடவா தேவை?" என்று மனைவி கேட்டாள்.

"நூறு வேண்டாம். ஒரு பவுண்ட் கூட வந்தால் போதும். ஆயிரத்து நானூற்றியொண்டு" என்றேன்.

"விசர்" என்றாள்.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் குளித்து, நல்ல சேர்ட் போட்டு, ஸ்கூட்டரையும் துடைத்துக்கொண்டு, அவன் வாங்கிய டீலரிடமே போனேன். ஹரோவுக்கு அந்தப் பக்கம், பெரிய கண்ணாடிக் கடை. உள்ளே விற்பனையில் நின்றது ஒரு தமிழ்ப் பொடியன், இந்தியாக்காரன், கோட்டும் டையும் போட்டிருந்தான். காப்பி தந்தான். என் மொடலையும் வருடத்தையும் மைலையும் கேட்டான். கம்ப்யூட்டரில் தட்டினான்.

"ஆயிரத்து நானூறு தரலாம் சார்" என்றான்.

அவ்வளவு சுலபமாக வந்த வெற்றியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பவுண்ட் கூடக் கேட்க வாயெடுத்தவன், அதற்கு முதல் அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் என் ஸ்கூட்டரைக் காட்ட நினைத்தேன். எட்டு வருடம் உறை போட்டு வைத்ததை ஒருத்தன் பார்க்க வேண்டாமா?

"வெளியில நிக்குது. வந்து பாருங்கோ" என்றேன்.

"வேண்டாம் சார். டெலிவரி அன்னிக்கு ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பாத்துக்குவோம். மாடலும் வருஷமும் போதும். பழைய வண்டிய நாங்க விக்கிறதில்ல, அப்படியே ஏலத்துக்கு அனுப்பிடுவோம்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கிழிந்த சீட்டுக்கும் ஆயிரத்து நானூறு, கிழியாத சீட்டுக்கும் ஆயிரத்து நானூறு. பார்க்காமலே சொல்கிற விலை அது. இவன் என் ஸ்கூட்டரை மதித்துச் சொல்லவில்லை. அப்படியானால் சகலனின் ஸ்கூட்டரையும் மதித்துச் சொல்லவில்லை. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் பார்க்காமல் ஒருவன் ஏன் அவ்வளவு காசு தருகிறான்?

எங்கள் ஊர் ஆட்கள் பழசைக் கொடுத்துப் புதுசு மாற்றினால் முதல் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பொறாமையில் அதைக் கேட்கவே மறந்துபோயிருந்தேன். நான் மட்டுமல்ல, மாமி வீட்டில் அந்தக் கேள்வியை ஒருவரும் சகலனிடம் கேட்கவில்லை.

"அப்ப மேல எவ்வளவு?" என்றேன்.

"மேல எதுவும் கேக்க மாட்டோம் சார். எல்லாம் விலையிலயே அடங்கிடும்" என்றான்.

"அதில்லைத் தம்பி. பழசைத் தந்திட்டு, நான் மேல வைக்க வேண்டிய காசு எவ்வளவு?"

பொடியன் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினான். புது ஸ்கூட்டர் நாலாயிரம். அதில் குறைக்க மாட்டார்கள், ஏனென்றால் பழசுக்கு நல்ல விலை தந்துவிட்டார்கள். பிறகு அலாரமும் பின்பெட்டியும் பூட்டும் சேர்த்து ஒரு பொதி, அது இருநூறு, அது இல்லாமல் வண்டி வெளியே போகாது. ஆக நாலாயிரத்து இருநூறில் ஆயிரத்து நானூறு போக இரண்டாயிரத்து எண்ணூறு.

எட்மண்டன் கிழவர் இரண்டாயிரத்து அறுநூறு கேட்டிருந்தார். ஆயிரம் தருகிறேன் என்றவர் இருநூறு பவுண்ட் மலிவு. ஆயிரத்து நானூறு தருகிறேன் என்றவன் இருநூறு பவுண்ட் கூட. பழசின் விலையை ஏற்றிக் காட்டிவிட்டு, புதுசின் விலையில் அதை வாங்கிக்கொள்கிறான். ஒரு கையால் ஊட்டி மறு கையால் கிள்ளுகிற வேலை.

நான் அந்தக் கடையில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே வந்தேன். சகலன் ஏமாந்துபோனான்! பேரம் பேசி வென்ற சின்ன மருமகன் இருநூறு பவுண்ட் கூடக் கொடுத்து அந்த எண்ணை வாங்கி வந்திருக்கிறான். பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. வழியில் சிவப்பு விளக்குகளில் எல்லாம் தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என் சிரிப்பைக் கண்டுகொள்ளாமல் வேறொன்று கேட்டாள்.

"சரி, கிழவருக்குக் குடுக்காமல் நாங்களே வித்தால் எவ்வளவு போகும்?"

அதையும் நான் யோசிக்கவில்லை. எக்ஸ்சேஞ்ச், எக்ஸ்சேஞ்ச் என்று அலைந்தேனே தவிர, பழசுக்கென்று சந்தையில் ஒரு தனி விலை இருக்கிறதே என்று நினைக்கவில்லை. இருவரும் இருந்து போனில் தேடினோம். அதே மொடல், அதே வருடம், ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து அறுநூறு என்று போட்டிருந்தார்கள். நான் துள்ளினேன். மனைவி விளம்பரம் போட்ட திகதியைக் காட்டினாள். எல்லாம் மாதக் கணக்காக அங்கேயே கிடந்தன. கேட்கிற விலை வேறு, போகிற விலை வேறு. குறைத்துப் போட்டிருந்தவைதான் விற்றுப்போயிருந்தன.

நான் ஆயிரத்து நானூற்றியொன்று என்று போட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்துப் பேர் "கடைசி விலை என்ன" என்று மட்டும் எழுதினார்கள், வந்து பார்க்கவில்லை. ஒருவன் எழுநூறு தரட்டா என்றான். அவனுக்கு என் தமிழில் ஒரு பதில் போட்டேன், விளங்கியிருக்காது. பிறகு ஒருவர் என் நம்பர் பிளேட்டை அரசாங்கத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, வண்டி ஓடத் தகுதியா என்று வருடா வருடம் பார்க்கிற எம்.ஓ.டி சோதனையில் போன முறை முன்டயர் தேய்கிறது என்று எழுதியிருக்கிறதே, இன்னும் மாற்றவில்லையா என்று கேட்டார். கிழவர் கையால் தடவிக் கண்டுபிடித்ததை இவர் வீட்டில் இருந்தே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு டயரை மாற்றி, புதிதாக எம்.ஓ.டி எடுத்தேன். நூறு பவுண்ட் போனது. விலையை ஆயிரத்து முன்னூறு ஆக்கினேன். சகலனுக்குக் கீழே இறங்கியது அன்றுதான். அந்த நூற்றியொரு பவுண்டைக் குறைக்க என் விரல் எப்படிக் கூசியது என்று எனக்குத்தான் தெரியும்.

வந்தவள் ஒரு நேர்ஸ். ஆர்ச்வே பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை, இரவு ஷிப்டுக்குப் போக வேணும் என்றாள். ஓட்டிப் பார்க்க லைசென்ஸும் இன்சூரன்ஸும் வைத்திருந்தாள். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் முழுக் காசையும் கையில் வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுக்க வேணும் என்று வேலையிடத்தில் சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் ஸ்கூட்டர் போன வழியே போய்விடும். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளாகவே காசு உறையை என் கையில் வைத்துவிட்டு ஏறினாள். தெருவைச் சுற்றி வந்து இறங்கி, சர்வீஸ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். "யாரோ நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஐம்பது பவுண்ட் குறைத்தேன். ஆயிரத்து இருநூற்றைம்பது. லொக் புக்கின் பச்சைத் துண்டைக் கிழித்து அவளிடம் கொடுத்து, அவள் நிற்கும்போதே இன்டர்நெட்டில் வண்டி கைமாறியதைப் பதிந்தேன். அவள் தெரு முனையில் திரும்பும் வரைக்கும் பார்த்து நின்றுவிட்டு, ஸ்கூட்டரின் பழைய உறையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்றதும் எட்மண்டன் கிழவர் சந்தோஷப்பட்டார். பழசை விற்கிற தலையிடி அவருக்கு இல்லை. மூவாயிரத்து அறுநூறு என்ற விலையும் மாறவில்லை. டயருக்கும் எம்.ஓ.டிக்கும் போனதையும் சேர்த்துப் பார்த்தால், நான் மேலே வைத்தது இரண்டாயிரத்து நானூற்றைம்பது. சீட்டுக் காசில் ஐம்பது மிச்சம். சகலன் வைத்தது இரண்டாயிரத்து எண்ணூறு. முன்னூற்றைம்பது பவுண்ட் வித்தியாசத்தில் அவனை நான் வென்றிருந்தேன்.

இதை மாமி வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஆயிரத்து இருநூற்றைம்பது என்று நான் சொல்ல வேணும். மாமி உச்சுக்கொட்டி, சின்ன மருமகன் ஆயிரத்து நானூறு எடுத்தவரே என்பார். அப்போது நான் மெதுவாகச் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அப்ப மேல எவ்வளவு வைச்சனீர்?" என்று அவனைக் கேட்க வேணும். அவ்வளவுதான். மிச்சத்தை அந்தக் கேள்வியே பார்த்துக்கொள்ளும்.

ஞாயிறு மத்தியானம் புது ஸ்கூட்டரில் போனேன். மனைவி பஸ்ஸில் முன்னமே போய்விட்டாள். நான் மாமி வீட்டு வாசலில் நிறுத்தும்போது சகலனும் வந்து சேர்ந்தான். அவன் ஹெல்மெட்டை வைக்க சீட்டைத் தூக்கினான். உள்ளே மடித்து வைத்த பெரிய பை ஒன்று தெரிந்தது. சாப்பாடு சூடு ஆறாமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் முதுகில் போட்டிருக்கிற அந்தப் பை. பொரித்த கோழி வாசனை அடித்தது.

"கடைச் சாமானோ?" என்றேன்.

அவன் சீட்டை மூடினான். மாமி வீட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"கடை இல்லை அண்ணை" என்றான். "குடுத்திட்டன். வாடகை கட்ட ஏலேல்லை. நாலு மாசமாச்சு."

"உம்மட மனிசிக்குத் தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை. கடைக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டு இதைத்தான் செய்யிறன்."

மாமி வீட்டில் சொல்ல வைத்திருந்த கணக்கு மட்டும் வாயில் நின்றது. அது தானாக வெளியே வந்தது.

"அவங்கள் உம்மட்டை இருநூறு கூட எடுத்துப்போட்டாங்கள். ஆயிரத்து நானூறு சும்மா காட்டுற விலை. நான் அங்கை போய்க் கேட்டனான்."

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சோ குடுத்தனீர்?"

"என்ரை எஞ்சின் செத்துக்கொண்டிருந்தது. சூடானால் உள்ளுக்குத் தட்டும். அதை ஓடிப் பாத்து ஆர் வாங்குவான்? தனிய வித்திருந்தால் ஐந்நூறும் வராது. உங்கட புது நம்பர் பிளேட்டிலை கடைப் பேர் கிடக்கிற அந்த எட்மண்டன் ஆளிட்டையும் முந்திக் கேட்டனான், அவர் அமுக்கிப் பாத்திட்டு நானூறு எண்டார். இவங்கள் ஸ்டார்ட் ஆகுதோ எண்டு மட்டும்தான் பாத்தவங்கள். அண்டைக்குக் காலமை ஆறின எஞ்சின், நல்லா ஸ்டார்ட் ஆனது. பைனான்ஸ்காரன் டெப்பாசிட் இல்லாமல் தரமாட்டன் எண்டவன். என்னட்டை அஞ்சு சதம் இல்லை. அந்த ஆயிரத்து நானூறு தான் டெப்பாசிட். மிச்சம் மாசா மாசம்."

நான் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். அவன் எட்மண்டன் கிழவரிடம் வாங்கியிருந்தால் மூவாயிரத்து இருநூறு வைத்திருக்க வேணும். இவர்களிடம் இரண்டாயிரத்து எண்ணூறு. பார்க்காமல் விலை சொல்கிறவனிடம் கெட்ட வண்டியைக் கொடுத்திருக்கிறான். பார்த்து விலை தருகிறவளிடம் நான் நல்ல வண்டியைக் கொடுத்தேன். அவனும் ஏமாறவில்லை. அவனிடம் நான் வென்ற முன்னூற்றைம்பது பவுண்ட் அந்த ஹரோ வாசலில் ஒன்றுமில்லாமல் போனது.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் நான் எரிந்தது இந்தக் கடைக்கா? கடையே இல்லை. நான்கு மாதமாக நான் இல்லாத கடையைப் பார்த்து எரிந்திருக்கிறேன். அதோடு எஞ்சின் செத்த வண்டியை ஆயிரத்து நானூறுக்குத் தள்ளிவிட்ட கெட்டித்தனம் வேறு. இரக்கப்படவும் விடாமல், சந்தோஷப்படவும் விடாமல் ஒருவன் எப்படி இருக்க முடியும்?

"மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" என்றான்.

பதினைந்து வருடத்தில் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேசையில் எல்லோரும் இருந்தோம். சோறு, கீரை, நண்டு. என் மனைவிக்குப் பக்கத்தில் அவள் தங்கை, என் மச்சாள், இருந்து, கடைக்கு இப்போது சனம் நல்லா வருகுதாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கடைசியிலை பழசு எவ்வளவுக்குப் போனது?"

"ஆயிரத்து இருநூற்றைம்பது மாமி."

"ஐயோ, அவ்வளவு வடிவா வைச்சிருந்த ஸ்கூட்டரை! சின்ன மருமகன் அந்த உடைஞ்சதுக்கே ஆயிரத்து நானூறு எடுத்தவரே."

சகலன் தலையைக் குனிந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கை அசையவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் ஒத்திகை தெரியும். நான் கேட்கப் போகிறேன் என்று காத்திருந்தாள். மேல எவ்வளவு? இரண்டே இரண்டு வார்த்தை. நாக்கின் நுனியில் உப்புக் கல்லாகக் கிடந்தது. கேட்டால் எவ்வளவு என்று அவன் சொல்ல வேணும், ஏன் என்று மாமி கேட்பார், காசு எங்கே என்று மச்சாள் கேட்பாள், கடை வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

"ஓம் மாமி" என்றேன். "அவர் கெட்டிக்காரன். எனக்கு அப்பிடிக் கதைக்கத் தெரியாது."

"அதுதானே" என்றார் மாமி.

சட்டியில் துழாவி பெரிய கடிகாலை எடுத்து அவன் தட்டில் வைத்தார். அவன் அதை உடைக்கவில்லை. கையால் எடுத்து என் தட்டில் வைத்தான்.

"அவருக்கேன் குடுக்கிறீங்கள், உங்களுக்குத்தானே வைச்சனான்" என்று மாமி அதட்டினார்.

நான் அதைச் சாப்பிட்டேன். பதினைந்து வருடம் ஆசைப்பட்டது. அதைக்கூட அவன் தந்துதான் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அப்போதும் எரிந்தது.